வண்டியை எதைப் பார்த்து மறிக்கிறார்கள்? கொழும்பு டீசல்காரர்கள் கேட்ட கேள்விகள்

வெள்ளவத்தையில் பாவித்த வாகனங்களை வாங்கி விற்றுக் கொடுப்பது என் தொழில். வாகனம் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு லண்டனில் ஒரு மகளோ டில்லிப் பக்கம் ஒரு தம்பியோ இருக்கிறார்கள். அதனால் விலை பேசி முடிந்ததும், அங்கெல்லாம் பழைய டீசல் வண்டிகளை எப்படி மறிக்கிறார்கள் என்பதற்குப் பேச்சுப் போய்விடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"பழைய டீசல் வண்டி கொழும்புக்குள்ள வரக்கூடாதெண்டு சட்டம் வந்திட்டுதாமே?"

வரவில்லை. பழைய வண்டி உள்ளே வந்தால் தடையோ கட்டணமோ போடும் குறைந்த புகை வலயம் என்று கொழும்பில் ஒன்று கிடையாது. காற்று மாசுக்காக ஒற்றை இரட்டை நாள் முறையும் இல்லை, இத்தனை வயதுக்கு மேல் டீசல் வண்டி வீதிக்கு வரக்கூடாது என்ற விதியும் இல்லை. இந்தக் கதை பெரும்பாலும் டில்லி செய்தி ஒன்றை யாரோ வாட்ஸ்அப்பில் தலைப்பு மாற்றி அனுப்பியதால் வருவது.

இங்கே உங்கள் வண்டியை மறிக்கக்கூடியது முக்கியமாக வருடாந்தப் புகைச் சான்றிதழ்தான். 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய முறை அது. புகைப் பரிசோதனையில் சித்தியடையாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் காலி வீதியில் பொலிஸார் மறித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்ப வெளிநாட்டில எதை வைச்சு மறிக்கிறாங்கள்? ஒருத்தர் வயது எண்டுறார், ஒருத்தர் யூரோ எண்டுறார்."

இரண்டு பேரும் சரி. ஊர்தான் வேறு. இந்த விதிகள் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் வண்டியில் வேறு வேறு இடத்தைப் பார்க்கின்றன.

லண்டன் பார்ப்பது வண்டி எந்தப் புகைத் தரத்துக்குக் கட்டப்பட்டது என்பதை. யூரோ என்பது அந்த ஐரோப்பியப் புகைத் தரம், எண் கூடக்கூடக் கட்டுப்பாடும் இறுகும். வண்டி எவ்வளவு ஓடியது, இன்றைக்கு எவ்வளவு புகைக்கிறது என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. டில்லி பல வருடமாகப் பார்த்தது முதல் பதிவுத் திகதியை. ஒற்றை இரட்டை முறை பார்ப்பது இலக்கத் தகட்டின் கடைசி எண்ணை மட்டும். புது வண்டியும் பழைய வண்டியும் அதற்கு ஒன்றுதான். நம் ஊர்ப் பரிசோதனை பார்ப்பது அன்றைக்குக் குழாயால் வரும் புகையை.

அதனால் ஒரே வண்டி ஓரிடத்தில் பாஸ், இன்னோரிடத்தில் ஃபெயில் ஆகலாம். நன்றாகப் பராமரித்த 2009ஆம் ஆண்டு டீசல் வான் ஒன்று கொழும்பில் சிரமமில்லாமல் சான்றிதழ் எடுக்கும். அதே வான் லண்டனில் நின்றால் ஓடுகிற ஒவ்வொரு நாளும் காசு. யாராவது "என்ட வண்டி ஓடலாமா?" என்று கேட்டால், எந்த ஊர், அந்த ஊர் எதைப் பார்க்கிறது என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

"மச்சான் ஸ்லவ்வில இருக்கிறார். அவற்ற டீசல் வான் 65 இலக்கம். 65க்கு மேல எல்லாம் லண்டனுக்க போகலாமெண்டு சொல்லி வித்தவங்கள். ஆனா ஒவ்வொரு நாளும் காசு கேக்குதாம். ஏன்?"

விற்றவர் சொன்னது காருக்குப் பொருந்தும். வானுக்குப் பொருந்தாது. இந்த இடத்தில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரித்தானிய இலக்கத் தகட்டில் இரண்டு எழுத்துக்குப் பிறகு வரும் இரண்டு எண்கள் வண்டி முதலில் பதிவான அரையாண்டைச் சொல்லும். 15 என்றால் 2015 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை. 65 என்றால் 2015 செப்டம்பர் முதல் 2016 பெப்ரவரி வரை. 16 அதற்கடுத்தது, 66 என்பது 2016 செப்டம்பரில் தொடங்குவது.

லண்டனின் அதிகுறை புகை வலயம் டீசலுக்குக் கேட்பது யூரோ 6. புதிதாகப் பதிவாகும் டீசல் கார்கள் எல்லாம் யூரோ 6 ஆக இருக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பரில் வந்தது. "65இலிருந்து சரி" என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் மிகச் சிறிய வான்களை விட்டால், நடுத்தர, பெரிய வான்களுக்கு அதே விதி ஒரு வருடம் பிந்தி, 2016 செப்டம்பரில்தான் வந்தது. ஆகவே 65, 16 இலக்க வான்களில் பெரும்பாலானவை யூரோ 5. உங்கள் மச்சானின் வான் 2015 நவம்பரில் பதிவானது என்றால் அது அந்த இடைவெளிக்குள் விழுந்த வண்டி.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஸ்லவ் வலயத்துக்கு வெளியே இருக்கிறது, ஆனால் அவர் வேலைக்குப் போகும் சவுத்ஹோல் உள்ளே. 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் மாநகரின் எல்லாப் பிரதேசங்களும் வலயத்துக்குள் வந்துவிட்டன. ஒரு நாளுக்கு 12.50 பவுண். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 62.50. விடுமுறை கழித்து வருடத்தில் 48 கிழமை ஓடினால் 3,000 பவுண். வான் வாங்கும்போது மலிவாகத் தெரிந்த ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பவுண் ஆறு மாதத்தில் போய்விடுகிறது. பழைய வண்டியை ஒப்படைத்தால் மாநகரம் காசு கொடுத்த திட்டம் ஒன்று இருந்ததே என்பார்கள். அது லண்டனுக்குள் வசிப்பவர்களுக்கானது, ஸ்லவ்காரருக்கு அன்றைக்கே இல்லை, 2024இல் அதுவும் மூடியாகிவிட்டது.

ஆக, வான் வாங்குமுன் பார்க்க வேண்டியது தகடு அல்ல. tfl.gov.uk இல் வாகனம் சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது. பதிவிலக்கத்தை அடித்தால், கட்டணம் உண்டா இல்லையா என்று சில நொடியில் சொல்லும். கணக்குத் திறக்கத் தேவையில்லை, காசும் இல்லை. விற்பவரின் முற்றத்தில் நின்றபடியே ஃபோனில் பார்க்கலாம். பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று மச்சானுக்கு மட்டுமல்ல, அவருடைய கூட்டாளிகளுக்கும் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில கார் கம்பனிகள் விதி வருமுன்பே யூரோ 6 டீசல் எஞ்சின் போட்டு விற்றன. 2014இல் பதிவான டீசல் காரிலும் அப்படி அகப்படும். தகட்டைப் பார்த்து "பழசு" என்று ஒதுக்கியவர் நல்ல கார் ஒன்றைத் தவறவிட்டிருப்பார்.

"பெற்றோல் காருக்கு யூரோ 4 போதுமாம். 2006ஆம் ஆண்டுக் கார் சும்மா போகுது, 2015 டீசல் வான் காசு கட்டுது. இது என்ன நியாயம்?"

பார்க்க அநியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு எண் ஒளிந்திருக்கிறது.

லண்டன் குறிவைத்த மாசுகளில் முக்கியமானது நைதரசன் ஒக்சைட்டுகள். யூரோ 4 பெற்றோல் காருக்கு அதில் அனுமதித்த அளவு ஒரு கிலோமீற்றருக்கு 0.08 கிராம். டீசல் காருக்கு யூரோ 4இல் அது 0.25, யூரோ 5இல் 0.18. யூரோ 6 வந்தபோதுதான் 0.08க்கு இறங்கியது. அதாவது இரண்டு எரிபொருளுக்கும் கோடு ஒரே இடத்தில்தான் போட்டிருக்கிறது. பெற்றோல் அந்த இடத்துக்குப் பத்து வருடம் முன்பே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

டீசல் எஞ்சினில் காற்று அதிகம், அழுத்தமும் சூடும் அதிகம். காற்றிலுள்ள நைதரசன் அந்தச் சூட்டில் ஒட்சிசனோடு சேர்ந்துவிடும். பெற்றோல் காரின் வழமையான வினையூக்கி, ஒட்சிசன் மிஞ்சி நிற்கும் டீசல் புகையில் அந்த வாயுவைச் சரியாக உடைக்காது. அதனால்தான் யூரோ 6 டீசல்களில் பலவற்றுக்கு ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலுக்குத் தனித் தாங்கி இருக்கிறது. எரிபொருள் மூடிக்குப் பக்கத்தில் ஒரு நீல மூடி தெரிந்தால் அதுதான்.

இன்னொரு சங்கதியும் சொல்லியாக வேண்டும். யூரோ 5 டீசல்கள் பரிசோதனைக் கூடத்தில் காட்டிய அளவும் வீதியில் விட்ட அளவும் ஒன்றல்ல. 2015இல் ஃபோக்ஸ்வாகன் கம்பனி பரிசோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய விவகாரம் வெளிவந்தபோது அந்த வித்தியாசம் ஊரறிந்தது. யூரோ 5 டீசலை லண்டன் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மகள் லண்டனுக்கு வெளிய இருக்கிறா. எங்களை ஹீத்ரோவில ஏத்த மருமகன் பழைய டீசல் காரில வருவார். அதுக்கும் காசா?"

ஆம். ஹீத்ரோ லண்டன் எல்லைக்குள் இருப்பதால் 2023 ஓகஸ்டிலிருந்து வலயத்துக்குள் இருக்கிறது. கட்விக் வெளியே.

இதில் ஒரு நுணுக்கம். கட்டணத்தின் நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. உங்கள் விமானம் இரவு பத்தரைக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் பத்து மணிக்கு உள்ளே வருகிறார். நீங்கள் குடிவரவில் நின்று, பெட்டி எடுத்து, வெளியே வர நள்ளிரவு தாண்டிவிட்டது. பன்னிரண்டரைக்குக் காரைக் கிளப்பினால் அது இரண்டாம் நாள். 25 பவுண். கார் நிறுத்திக் கிடந்த நேரத்துக்குக் காசில்லை, வலயத்துக்குள் ஓடிய நாளுக்குத்தான் காசு. அதனால் அந்த இரண்டு நாளிலும் ஓடியதாகத்தான் கணக்காகும்.

கேற் எதுவும் கிடையாது. கமரா தகட்டைப் படிக்கும். பயணம் செய்த நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்ட நேரம் உண்டு, முன்கூட்டியும் கட்டலாம். தவறினால் 180 பவுண் தண்டம், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. நத்தார் தினத்தில் மட்டும் கட்டணம் இல்லை. இரவு பகல் என்று வேறுபாடும் இல்லை. நம்மவர் பலர் சனி ஞாயிறு சும்மா போகலாம் என்று நினைத்துத் தண்டம் வாங்கியிருக்கிறார்கள். மத்திய லண்டன் நெரிசல் கட்டணம் வேறு, இது வேறு. உள் நகரத்துக்குப் போனால் இரண்டும் சேர்ந்து வரலாம்.

"பதிவிலக்கத்தை அடிச்சால் காசு எண்டு வருது. ஆனா கார் யூரோ 6 எண்டு மெக்கானிக் சொல்றார். ஆரை நம்புறது?"

மெக்கானிக்கை அல்ல, கடதாசியை. இணையப் பக்கம் பதிவேட்டில் இருப்பதைத்தான் படிக்கிறது. பதிவேட்டில் யூரோ தரம் இல்லாவிட்டால் பதிவுத் திகதியை வைத்து ஊகிக்கும். விதிக்கு முந்தி வந்த யூரோ 6 கார்களும், ஜப்பானிலிருந்து பாவித்ததாக இறக்கிய வண்டிகளும் இப்படித்தான் மாட்டுகின்றன. ஜப்பான் வண்டிக்கு ஐரோப்பியத் தரம் எழுதியே இராது.

வி5சி என்ற பதிவுப் புத்தகத்தை எடுங்கள். யூரோ தரம் அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வி.3 என்ற கட்டத்தைப் பாருங்கள், அது நைதரசன் ஒக்சைட்டுகளின் அளவு. கிலோமீற்றருக்குக் கிராமில் 0.08 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பேச இடமிருக்கிறது. அதுவும் வெறுமையாக இருந்தால் தயாரித்த கம்பனிக்கு அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து, எந்தத் தரத்துக்கு அனுமதி பெற்ற வண்டி என்று கடிதம் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தையும் வி5சியின் பிரதியையும் லண்டன் போக்குவரத்து அமைப்புக்கு அனுப்பினால் பதிவேட்டைத் திருத்துவார்கள். திருத்தும்வரை கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருங்கள். "கடிதம் போட்டிருக்கிறேன்தானே" என்று விட்டால் தண்டம் வரிசையாக வரும்.

"தம்பி நொய்டாவில வேலை. 2014 டீசல் கார் ஒண்டு அரைவிலைக்கு வருதாம். வாங்கட்டோ?"

அரைவிலை ஏன் என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

2015 ஏப்ரலில் இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டில்லியிலும் சுற்றுப்புறத்திலும் ஓடக்கூடாது என்றது. 2018 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது: டீசலுக்குப் பத்து, பெற்றோலுக்குப் பதினைந்து. நொய்டா உத்தரப் பிரதேசத்தில் இருந்தாலும் தலைநகர் வலயத்துக்குள் வருவதால் அதே விதி. வயது கணக்கிடுவது தயாரித்த ஆண்டிலிருந்து அல்ல, பதிவுச் சான்றிதழில் உள்ள முதல் பதிவுத் திகதியிலிருந்து.

2025இல் கதை பல தடவை திரும்பியது. ஜூலை 1 முதல் வயது கடந்த வண்டிக்கு எரிபொருள் கொடுக்கக்கூடாது என்றார்கள், பம்புகளில் கமரா வைத்தார்கள், சில நாளில் பின்வாங்கினார்கள். ஓகஸ்டில் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அதையே சுருக்கி, அந்தப் பாதுகாப்பு பாரத் 4உம் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்குத்தான், பாரத் 3உம் கீழும் உள்ளவற்றுக்கு இல்லை என்றது. பாரத் என்பது இந்தியாவின் புகைத் தரம், பாரத் 4 என்பதைக் கிட்டத்தட்ட யூரோ 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனித்தீர்களா? வயதைப் பார்த்த ஊர் இப்போது தரத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்டது.

தலைநகர் வலயத்தில் 2014இல் பதிவான கார் பாரத் 4ஆகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் வயதைச் சொல்லி உடனே பிடிக்க மாட்டார்கள். ஆனால் தம்பிக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் காற்று மோசமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு அறிவித்தால் பாரத் 4 டீசல் கார்கள் டில்லியிலும், நொய்டா இருக்கிற கௌதம புத்த நகர் மாவட்டத்திலும் ஓட முடியாது. கார் வாசலில் நிற்கும், தம்பி மெட்ரோவில் போவார். அரைவிலையின் காரணம் அது.

வாங்குவதென்றால் mParivahan செயலியில் பதிவிலக்கத்தைப் போட்டு நான்கு வரியைப் பார்க்கச் சொல்லுங்கள்: பதிவுத் திகதி, எரிபொருள், புகைத் தரம், பதிவு நடைமுறையில் உள்ளதா என்பது. கடைசி வரிதான் முக்கியம். வயது கடந்ததால் பதிவு ஏற்கனவே நீக்கப்பட்ட வண்டிகளையும் சந்தையில் விற்கிறார்கள். வெளியூருக்குக் கொண்டுபோய்ப் பதியத் தடையில்லாச் சான்று வேண்டும். "அதெல்லாம் பிறகு எடுத்துத் தாறன்" என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள்.

"ஒற்றை இரட்டை எண்டால் எங்கட பெற்றோல் கியூ மாதிரித்தானே?"

கிட்டத்தட்ட. 2022இல் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து இன்ன நாளில் எரிபொருள் என்று நம்மை நிறுத்தினார்களே, அதே உத்திதான். இங்கே எரிபொருளைப் பங்கிட்டார்கள், டில்லியில் வீதியைப் பங்கிட்டார்கள். 2016 ஜனவரியிலும் ஏப்ரலிலும் பதினைந்து நாள் அளவில், பிறகு 2019 நவம்பரில் ஒரு தடவை. ஒற்றைத் திகதியில் ஒற்றை எண், இரட்டைத் திகதியில் இரட்டை எண். பூச்சியம் இரட்டைக் கணக்கு. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு விலக்கு, மோட்டார் சைக்கிளுக்கும் விலக்கு. 2016இல் 2,000 இந்திய ரூபாவாக இருந்த தண்டம் 2019இல் 4,000 ஆனது.

இதில் தகுதி பார்க்க இணையமே தேவையில்லை, கலண்டர் போதும். ஆனால் விலக்குப் பட்டியல் ஒவ்வொரு தடவையும் மாறும். 2016இல் இயற்கை எரிவாயுக் காருக்கு விலக்குக் கொடுத்தார்கள், 2019இல் தனியார் எரிவாயுக் காருக்குக் கொடுக்கவில்லை. போன தடவையை நம்பிப் போனவர்கள் மாட்டினார்கள். வாடகை டாக்ஸியில் போகிறவருக்கு இதில் கவலையில்லை. (லண்டனில் இதைச் செய்யவே முடியாது. அங்கே தகடு மூன்று எழுத்தில் முடிகிறது.)

"என்ட கே.டி.எச் வான் 2009. அது எந்த யூரோ எண்டு எங்க பார்க்கிறது?"

யூரோ என்று எங்கேயும் இராது. நான் பார்த்த நம் ஊர்ப் பதிவுச் சான்றிதழ்களில் தயாரித்த ஆண்டு, எரிபொருள், எஞ்சின் கொள்ளளவு எல்லாம் இருக்கும், புகைத் தரத்துக்கென்று கட்டம் இல்லை. தகட்டு எழுத்தும் உதவாது. அது இங்கே பதிந்த காலத்தைத்தான் சொல்லும். 2009இல் செய்து, ஜப்பானில் ஓடி, 2012இல் இங்கே பதிந்த வானுக்கு 2012இன் எழுத்துத்தான் கிடைத்திருக்கும்.

ஆனால் ஜப்பான் வண்டியில் வேறு குறியீடு இருக்கிறது. ஏலத் தாளிலோ ஏற்றுமதிச் சான்றிதழிலோ மாடல் இலக்கத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டு மூன்று எழுத்துகள் நிற்கும். கே.டி.எச்சில் ஏ.டி.எஃப் என்றால் ஜப்பானின் 2005 தரம், கியூ.டி.எஃப் என்றால் 2009 தரம். நடு எழுத்து டி என்பது டீசல். முதல் எழுத்துத்தான் தரம். 2004 அளவில் வந்தவற்றில் மூன்றுக்குப் பதில் இரண்டே எழுத்து இருக்கும், அவை இன்னும் பழைய தரம். இரண்டு வான் ஒரே விலைக்கு வந்தால் நான் இந்த எழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த எழுத்தை ஜப்பான்காரர் விளையாட்டுக்குப் போடவில்லை. டோக்கியோ, ஒசாகா, நகோயாப் பகுதிகளில் பழைய தரத்து டீசல்களைக் குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு தொடர்ந்து பதிவில் வைத்திருக்க விடாத சட்டம் அங்கே இருக்கிறது. அதற்கு மேலே டோக்கியோவும் அயல் மாகாணங்களும் 2003 ஒக்டோபரிலிருந்து தரமில்லாத டீசல் லொறி பஸ்களை உள்ளே விடுவதில்லை. அங்கே வெளியே தள்ளிய டீசல்கள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின. வயதுக் கட்டுப்பாடு கொழும்பில் இல்லாவிட்டாலும், பழைய டீசல் நம் துறைமுகத்துக்கு வந்ததற்குப் பின்னால் இன்னோர் ஊரின் வயதுக் கட்டுப்பாடு இருந்திருக்கலாம்.

"போன வருசம் புகை பாஸ், இந்த வருசம் ஃபெயில். வானில ஒரு மாற்றமும் செய்யேல்ல. என்ன செய்ய?"

மாற்றம் செய்யாததே காரணமாக இருக்கலாம்.

டீசலுக்குச் செய்வது இதுதான். கியரை நியூற்றலில் வைத்து, எஞ்சினைச் சும்மா ஓட விட்டு, திடீரென அக்சலேற்றரை முழுதாக மிதிக்கிறார்கள். அந்த நொடியில் குழாயால் வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி அளக்கிறது. ஒரு தடவை அல்ல, சில தடவை. அளப்பது கரியை மட்டும். லண்டன் பயப்படும் நைதரசன் ஒக்சைட் இந்தக் கருவியில் தெரியாது, அது கண்ணுக்கும் தெரியாத வாயு.

மிதித்த நொடியில் கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு. முதலில் காற்று வடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுவதுதான் மிக மலிவான வைத்தியம். அடுத்தது இன்ஜெக்டர், தூவாமல் சொட்டினால் கரி வரும். ரேபோ உள்ள வண்டியானால் ரேபோவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கும். புகை நீலமாக இருந்தால் எண்ணெய் எரிகிறது, அது வேறு செலவு. பரிசோதனைக்குப் போகுமுன் பேஸ்லைன் வீதியில் ஒரு இருபது நிமிடம் நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினோடு வரிசையில் நின்று அப்படியே கொடுத்தால் நல்ல வண்டியும் தோற்கும்.

சில கராஜில் பழைய வண்டிகளுக்குப் பம்பின் திருகாணியைத் திருப்பி டீசலைக் குறைத்து, சான்றிதழ் எடுத்த மறுநாள் பழையபடி திருப்பிவிடுவார்கள். எனக்கும் ஒருவர் இப்படிச் செய்து தந்தார். சான்றிதழ் கிடைத்தது. பழையபடி திருப்ப மறந்து கண்டிக்குப் போனோம். கடுகண்ணாவ ஏற்றத்தில் வான் இரண்டாம் கியரில் முனகியது, பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தே எங்களை மேலே தள்ளியது.

"லண்டன் காசைக் கட்ட கூகிளில தேடினன், பதினஞ்சு பவுணுக்கு மேல கேக்குது. விலை கூடிட்டுதா?"

இல்லை, நீங்கள் இடைத்தரகரின் பக்கத்துக்குப் போய்விட்டீர்கள். நானும் போனேன். 2024இல் ஹறோவில் அக்கா வீட்டில் நின்றபோது அத்தானின் பழைய டீசலைக் கொண்டு ஓர் அலுவலுக்குப் போய்வந்து, இரவு படுக்கையில் கிடந்தபடி தேடி, மேலே வந்த முதல் இணைப்பை அழுத்தினேன். பக்கம் அச்சொட்டாக அரசாங்கப் பக்கம் மாதிரி. கட்டணத்தோடு "சேவைக் கட்டணம்" என்று ஐந்து பவுண் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் உரிய இடத்துக்குக் கட்டினார்களா என்று தெரியாமல் மூன்று நாள் நித்திரை இல்லை.

முகவரியை நீங்களே tfl.gov.uk என்று அடியுங்கள், தேடாதீர்கள். பதிவிலக்கம் கேட்கும்போது பூச்சியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றிவிடாதீர்கள். தவறான இலக்கத்துக்குக் கட்டினால் உங்கள் வண்டிக்குக் கட்டாததாகத்தான் கணக்கு. கட்டி முடிந்ததும் வரும் பற்றுச்சீட்டு இலக்கத்தைப் படம் எடுத்து வைத்திருங்கள். வாடகைக் கார் என்றால் அது பெரும்பாலும் யூரோ 6ஆகத்தான் இருக்கும், ஆனாலும் சாவியை வாங்குமுன் அதே பக்கத்தில் இலக்கத்தை அடித்துப் பாருங்கள். தண்டம் வந்தால் கம்பனி அதை உங்கள் கார்டில் எடுக்கும்போது தன் கைக்கூலியையும் சேர்த்துத்தான் எடுக்கும்.